கைட்ரிட் பூஞ்சைதான் தவளைகளைக் கொன்னுச்சுன்னு எவ்ளோ உறுதியா எழுதலாம்?

கேள்வி: "கன்சர்வேஷன் பயாலஜி பேப்பருக்கு எஸ்ஸே எழுதறேன். தவளைகள் அழியறதுக்கு கைட்ரிட் பூஞ்சைதான் காரணம்னு எழுதி, பத்து பேப்பர் சைட் பண்ணியிருந்தேன். 'எவிடென்ஸ் எவ்வளவு ஸ்ட்ராங்?'னு ஓரத்துல எழுதி திருப்பிக் குடுத்துட்டாங்க. பத்து பேப்பர் போதாதா, இன்னும் என்ன பண்ணணும்?"

பேப்பர் எண்ணிக்கைல ஒரு குறையும் இல்ல, பிரச்சனை உங்க அந்த ஒரு வாக்கியத்துல தான் இருக்கு. பாக்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் அதுக்குள்ள நாலு விஷயம் ஒளிஞ்சிருக்கு: இந்தப் பூஞ்சை தொத்தின தவளை சாகுமா, ஒரு காட்டுல தவளைக் கூட்டமே சரிஞ்சதுக்கு இது காரணமா, உலகம் முழுக்க இத்தனை நூறு இனம் குறைஞ்சதுக்கு இது காரணமா, அப்புறம் இதைக் கிளப்பிவிட்டது வெப்பமயமாதலா. முதல் கேள்விக்கு ஆதாரம் ரொம்ப பலமா இருக்கு, ஒவ்வொரு கேள்வியா தாண்டிப் போகப் போக அது மெலிஞ்சிட்டே போகும், நாலாவதுக்கு வரும்போது தரை ஆடும். உங்க பத்து பேப்பரையும் இந்த நாலுல எது எதுக்குப் பேசுதுன்னு பிரிச்சுப் பாருங்க, பாதிக்கு மேல முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும், ஆனா நீங்க அதை வச்சு மூணாவது கேள்விக்கு முடிவு எழுதியிருப்பீங்க. எனக்குத் தெரிஞ்சு ஓரத்துல அப்படி எழுதறவங்க தேடறது இதைத்தான்.

முதல் கேள்வியை சீக்கிரமா முடிச்சிடலாம். பூஞ்சையோட முழுப்பேரு பேட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபாடிடிஸ், எல்லாரும் பி.டி.ன்னு சுருக்கி சொல்லுவாங்க. ஆஸ்திரேலியாலயும் மத்திய அமெரிக்காலயும் செத்துக் கிடந்த தவளைகளோட தோல்ல இது இருக்குன்னு 1998-ல வெளிய வந்துச்சு, வாஷிங்டன் மிருகக்காட்சிசாலைல செத்த ஒரு நீல நிற விஷத்தவளைல இருந்து பிரிச்சு எடுத்து 1999-ல பேர் வச்சாங்க. தோல்ல பூஞ்சை இருந்தா தவளை எதுக்கு சாகணும்ங்கறதுதான் ரொம்ப நாளா புரியாம இருந்துச்சு. 2009-ல ஜேமி வாய்ல்ஸ் குழு ஆஸ்திரேலிய பச்சை மரத்தவளைகள்ல அதைக் காட்டினாங்க. தவளைக்கு தோல்ங்கறது வெறும் போர்வை இல்ல, தண்ணியையும் உப்பையும் உள்ள இழுக்கற உறுப்பே அதுதான். பூஞ்சை தோலைக் கெடுத்ததும் அந்த உப்பு இழுக்கற வேலை பாதிக்கு மேல படுத்துடுது, ரத்தத்துல சோடியம் சுமார் 20 சதவீதமும் பொட்டாசியம் சுமார் 50 சதவீதமும் இறங்கிடுது, கடைசில இதயம் நின்னு போகுது. நோய் முத்தின தவளைகளுக்கு வாய் வழியா உப்புக் கரைசல் குடுத்தா சாவு கொஞ்ச நேரம் தள்ளிப் போச்சு, பிழைக்கல, ஆனா தள்ளிப் போச்சு. இந்தக் கடைசித் துண்டைத்தான் நான் ரொம்ப முக்கியமா நினைக்கறேன், ஏன்னா "உப்புக் குறைவுதான் கொல்லுது"ன்னு சும்மா சொல்லாம, அந்த ஒரு கண்ணியை மட்டும் தொட்டுப் பாத்து விளைவு மாறுதான்னு சோதிச்சிருக்காங்க.

இதுல ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்வாப்ல பாசிட்டிவ் வந்த தவளை எல்லாம் நோயாளி கிடையாது. அமெரிக்க புல்ஃப்ராக் மாதிரி சில இனங்கள் பூஞ்சையை சுமந்துக்கிட்டே ஜாலியா சுத்தும், பரப்பவும் செய்யும். கலிஃபோர்னியாவோட சியரா நெவாடா மலை ஏரிகள்ல மஞ்சள் கால் தவளைகளைத் தொடர்ந்து ஸ்வாப் எடுத்தப்போ, ஒரு தவளை மேல சுமார் 10,000 ஸூஸ்போர் அளவுக்கு (ஸூஸ்போர்னா இந்தப் பூஞ்சையோட நீந்துற வித்து) சுமை ஏறின பிறகுதான் அங்க கூட்டம் கூட்டமா சாவு ஆரம்பிச்சதைப் பாத்தாங்க. அதனால "ஆய்வு செய்த இடத்தில் பி.டி. கண்டறியப்பட்டது"ன்னு மட்டும் ஒரு பேப்பர் சொன்னா, அங்க தவளை குறைஞ்சதுக்கு அது ஆதாரம் ஆகாது. எவ்ளோ சுமை, செத்த தவளையோட தோலை வெட்டி மைக்ராஸ்கோப்ல பாத்தாங்களா, அந்த இடத்துல இதுக்கு முன்னாடி தேடினாங்களான்னு கேளுங்க. உங்க லிஸ்ட்ல இந்த "கண்டறியப்பட்டது" வகை பேப்பர் குறைஞ்சது ரெண்டு இருக்கும்னு பந்தயம் கட்டறேன்.

இப்ப ரெண்டாவது கேள்வி, ஒரு முழுக் கூட்டமே சரிஞ்சதுக்கு இதுதான் காரணமா? இங்கதான் எஸ்ஸேல நீங்க நேரம் செலவழிக்கணும், அதுக்கு ஒரே ஒரு கேஸை எடுத்து நிதானமா பிரிங்க. என் சாய்ஸ் பனாமால இருக்கற எல் கோப்பே. காரணம் எளிமையானது, உலகத்துல பெரும்பாலான இடங்கள்ல தவளை காணாமப் போன பிறகுதான் ஆள் போய்த் தேடியிருக்காங்க, இங்க மட்டும் ஆள் முன்னாடியே போய் உக்காந்திருந்தாங்க.

தவளை ஆராய்ச்சியாளர் கேரன் லிப்ஸ் 90-கள்ல கோஸ்டாரிகாவோட லாஸ் தப்லாஸ்லயும் அப்புறம் மேற்கு பனாமாவோட ஃபோர்த்தூனாலயும் தவளைகள் மறைஞ்சு போறதைப் பாத்தவங்க. மேப்ல புள்ளி வச்சுப் பாத்தா இந்த சரிவு வடமேற்குல இருந்து தென்கிழக்கா நகர்ற மாதிரி தெரிஞ்சுது. அப்படின்னா அடுத்தது எங்க? அந்தக் கோட்டுல இன்னும் தவளைகள் நல்லா இருக்கற மலைக்காடா எல் கோப்பே இருந்துச்சு, அங்க ஓடை ஓடையா நடந்து எண்ண ஆரம்பிச்சாங்க. வருஷக்கணக்கா எண்ணினாங்க, கூடவே தோல் சாம்பிளும் எடுத்தாங்க. 2000-ல இருந்து 2004 ஜூலை வரைக்கும் ஆயிரத்து ஐநூறுக்கும் மேல சாம்பிள், ஒண்ணுல கூட பி.டி. இல்ல. 2004 செப்டம்பர் கடைசில முதல் பாசிட்டிவ். அக்டோபர் ஆரம்பத்துல இருந்து ஓடை ஓரத்துல செத்த தவளைகள். அடுத்த சில மாசத்துல முன்னூறுக்கும் மேல பிணம், முப்பதுக்கும் மேல இனம், தவளை மட்டும் இல்ல சாலமாண்டரும் சேத்து எட்டு குடும்பம். பரிசோதிச்ச பிணங்கள்ல கிட்டத்தட்ட எல்லாத்துலயும் பூஞ்சை. பிற்பாடு 2010-ல டிஎன்ஏ வச்சு கணக்கு பாத்தப்போ, அங்க பேர் வச்சிருந்த 63 இனத்துல 25 காணோம், அது போக இன்னும் பேரே வைக்காத 5 இனமும் போயிருந்துச்சு, அதாவது அறிவியல் பேர் வைக்கறதுக்கு முன்னாடியே அந்த இடத்தை விட்டுப் போயிடுச்சு.

இதைப் படிச்சதும் "ஆதாரம் பலமானது"ன்னு எழுதிட்டு தாண்டிப் போயிடாதீங்க, ஏன் பலம்னு காட்டணும். அந்த பூஜ்யத்தை எடுத்துக்கோங்க. தேடினோம், கிடைக்கலன்னு சொல்றதுக்கு எவ்ளோ மதிப்புன்னு கணக்கு போட்டே பாக்கலாம், அதுக்கு ஒரு பழைய குறுக்கு வழி இருக்கு, n சாம்பிள்ல ஒண்ணு கூட பாசிட்டிவ் இல்லன்னா உண்மையான தொற்று விகிதம் 95% நம்பிக்கையோட அதிகபட்சம் `3/n`. 60 தவளை எடுத்து எல்லாம் நெகட்டிவ்னா நீங்க சொல்ல முடிஞ்சது "தொற்று 5 சதவீதத்துக்குக் கீழ" அவ்ளோதான், இருபதுல ஒண்ணுக்கு தொத்து இருந்திருந்தாலும் உங்க கண்ணுல படாமப் போயிருக்கலாம். 1,500-ன்னா 0.2 சதவீதம். டெஸ்ட் மோசம், உண்மையான பாசிட்டிவ்ல பாதியைத்தான் பிடிக்கும்னே வச்சுக்கோங்க, அப்பவும் 1,500-ஐ 750-ன்னு கணக்கு பண்ணினா 0.4 சதவீதம் தான் வரும். ஆக "முன்னாடி இருந்து ஏதோ தூங்கிட்டு இருந்துச்சு, நாம தான் பாக்கல"ங்கற வாதத்துக்கு எல் கோப்பேல இடம் ரொம்பக் கம்மி. (இந்த ஒரு வரிக் கணக்கை எஸ்ஸேல போட்டீங்கன்னா படிக்கறவர் நிமிந்து உக்காருவாரு, நான் சொல்றேன்.)

ஆனா கணக்கு பொய் சொல்லாதுன்னு நம்பி விட்றாதீங்க, இதுக்குப் பின்னாடி ஒரு அனுமானம் இருக்கு, சாம்பிள் எல்லாம் கண்ணை மூடி எடுத்த மாதிரி, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம இருக்கணும். நிஜத்துல ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு ஓடைல நடக்கறவங்க கைல மாட்டறது ஓடை ஓரத் தவளைகள் தான், மர உச்சில இருக்கறதை யாரும் ஸ்வாப் எடுக்கல. பூஞ்சை முதல்ல அங்க வந்திருந்தா தெரிஞ்சிருக்காது. இது நியாயமான சந்தேகம், எழுதுங்க, ஆனா அதோட எடையையும் சேத்து எழுதுங்க: பூஞ்சை தண்ணில நீந்திப் பரவுற ஜாதி, அதனால ஓடைத் தவளைகளை விட்டுட்டு மரத்து மேல மட்டும் வருஷக்கணக்கா இருந்துச்சுன்னு நம்பறது கஷ்டம்.

அடுத்து, வேற காரணம் இருந்திருக்கலாமே? 2004-ல வானிலை ஏதாவது ஆகி, பூச்சிமருந்து ஏதாவது கலந்து? இங்க வரிசை தான் பதில் சொல்லுது. வறட்சியோ வெப்பமோ காரணம்னா பக்கத்துப் பக்கத்து மலைகள் ஏறக்குறைய ஒரே நேரத்துல அடி வாங்கணும். நடந்தது அப்படி இல்ல, லாஸ் தப்லாஸ், அப்புறம் ஃபோர்த்தூனா, அப்புறம் எல் கோப்பே, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல வருஷங்கள், எல்லாம் ஒரே திசைல. அதுவும் இல்லாம, அலை அடுத்து கிழக்க எல் வாயேக்கு வரும்னு முன்கூட்டியே சொல்லி, அங்கிருந்து தவளைகளைப் பிடிச்சு பத்திரமான இடத்துக்குக் கொண்டு போனாங்க, 2006-ல பூஞ்சை அங்க வந்து சேந்துச்சு. நடந்து முடிஞ்சதுக்கு விளக்கம் சொல்றது யாருக்கும் ஈஸி, நடக்கறதுக்கு முன்னாடி இடத்தைச் சொல்லி அது பலிக்கறது வேற ரகம். ஒரு மலைக்காட்டுல வேணும்னே பூஞ்சையை விட்டு, பக்கத்துக் காட்டை சும்மா விட்டு ஒப்பிட்டுப் பாக்கற சோதனையை யாரும் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது, அந்த ஓட்டையைக் கொஞ்சமாவது அடைக்கறது இந்தக் கணிப்பு தான்.

இப்ப இதே அளவுகோலை ரொம்ப ஃபேமஸான கேஸ் மேல வச்சுப் பாருங்க, கோஸ்டாரிகாவோட மான்ட்டெவெர்டே மலைக்காட்டுத் தங்கத் தேரை. எல்லா எஸ்ஸேயும் இதுல தான் ஆரம்பிக்கும், உங்களுதும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கறேன், அந்த ஆரஞ்சுக் கலர் போட்டோவைப் பாத்தா யாருக்குத்தான் கை வராது. 1987-ல இனப்பெருக்கக் குட்டைகள்ல 1,500-க்கும் மேல எண்ணினாங்க, 1988-ல அதே முக்கியமான இடத்துல ஒண்ணே ஒண்ணு, 1989 மே மாசத்துல ஒண்ணு, அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் இல்ல. சரிவுக்கு ஆதாரம் கண் முன்னாடி இருக்கு. காரணத்துக்கு? அப்ப பி.டி.ங்கற பூஞ்சை இருக்குன்னே யாருக்கும் தெரியாது, 1998-ல தானே தெரிஞ்சுது. பிணங்களைச் சேத்து வெட்டிப் பாக்கல. பிற்பாடு மியூசியம் ஜாடில இருந்த இந்தத் தேரையோட ஸ்பெசிமன்கள்ல பூஞ்சையைத் தேடினாங்க, கிடைக்கல, ஆனா அது எல்லாம் பெரும்பாலும் சரிவுக்கு முன்னாடி பிடிச்சது, சரிவுக்குப் பிறகு பிடிக்கத் தேரை எங்க இருந்துச்சு? போதாக்குறைக்கு ஃபார்மலின்ல ஊறின தோல்ல டிஎன்ஏ நொறுங்கிப் போயிருக்கும், டெஸ்ட் அதைப் பிடிக்காம விட வாய்ப்பு அதிகம். அதனால அந்த நெகட்டிவ் "பூஞ்சை இல்ல"ன்னு சொல்லல, ஒண்ணும் சொல்லலன்னு தான் அர்த்தம். `3/n` இங்கயும் ஓடும், ஆனா n சின்னது, டெஸ்ட்டும் மங்கல்.

அப்புறம் 2011-ல டினா செங் குழு மத்திய அமெரிக்கா மியூசியம் ஸ்பெசிமன்களை வரிசையா ஸ்வாப் எடுத்து, மெக்சிகோல 70-களோட ஆரம்பம், குவாத்தமாலால 80-கள், மான்ட்டெவெர்டேல 1987-ன்னு பூஞ்சை தலைகாட்டின காலம் தவளை மறைஞ்ச காலத்தோட ஒத்துப் போறதைக் காட்டினாங்க. மான்ட்டெவெர்டேல கிடைச்சது வேற இனங்கள் மேல தான். ஆக பூஞ்சை அந்த நேரத்துல அந்த மலைல இருந்துச்சு, தங்கத் தேரை அந்த நேரத்துல மறைஞ்சுது, ரெண்டையும் இணைக்கற பிணம் மட்டும் கைல இல்ல. நான் எழுதினா "பெரும்பாலும் இதுவாகவே இருக்கலாம்"னு எழுதுவேன், எல் கோப்பேக்குப் போடற வார்த்தையை இதுக்குப் போட மாட்டேன்.

இந்தத் தேரை தான் நாலாவது கேள்விக்கும் வாசல், வெப்பமயமாதல். 2006-ல ஆலன் பவுண்ட்ஸ் குழு நேச்சர் இதழ்ல ஒரு பேப்பர் போட்டாங்க: மத்திய, தென் அமெரிக்காவோட அட்டெலோபஸ் வகைத் தேரைகள் சுமார் 110 இனத்துல மூணுல ரெண்டு பங்கு மறைஞ்சிருச்சு, அது மறைஞ்ச வருஷங்கள் வெப்பமான வருஷங்களைத் தொடர்ந்து வருது, அதனால வெப்பம் பூஞ்சைக்குத் தோதான சூழலை உண்டாக்கி விட்டிருக்குன்னு. நானும் படிக்கற காலத்துல ஒரு செமினார்ல இதை வேதவாக்கு மாதிரி எடுத்து வச்சு பேசினவன் தான், கடைசி பெஞ்ச்ல இருந்து ஒரு சீனியர் கை தூக்கி "பியர் மேட்டர் தெரியுமா?"ன்னு கேட்டாரு, தெரியல, மூஞ்சில ஈயாடல.

பியர் மேட்டர் இதுதான். 2008-ல ஜேசன் ரோர் குழு அதே டேட்டாவை எடுத்து, வெப்பநிலைக்குப் பதிலா அந்தப் பகுதியோட வாழைப்பழ உற்பத்தி, பியர் உற்பத்தியைப் போட்டுப் பாத்தாங்க. ரெண்டும் தேரை மறைவோட வெப்பநிலையை விட நல்லா ஒத்துப் போச்சு! பியர் தேரையைக் கொல்லுதுன்னு அவங்க சொல்ல வரல, 70-ல இருந்து 90 வரைக்கும் மேல மேல ஏறிட்டே போன எதை எடுத்தாலும் அதே காலத்துல ஏறிட்டே போன இன்னொண்ணோட ஒத்துத்தான் போகும், அதுல இருந்து காரணம் எடுக்க முடியாதுன்னு காட்டினாங்க. இன்னொரு ஓட்டை, "கடைசியாப் பாத்த வருஷம்"ங்கறதை "அழிஞ்ச வருஷம்"னு எடுத்துக்கறது. ஒரு ஓடைக்கு ஒருத்தர் 1986-ல போயிருக்காரு, தேரை இருந்துச்சு, அடுத்து 1992-ல தான் யாரோ போனாங்க, இல்ல. ரெக்கார்டுல 1986-ன்னு நிக்கும், நிஜத்துல அந்த ஆறு வருஷத்துல எப்ப வேணா போயிருக்கலாம். வருஷத்துக்கு வருஷம் வெப்பத்தோட ஒப்பிடற ஒரு அனாலிசிஸ்ல ஆறு வருஷ மங்கல் இருந்தா என்ன மிஞ்சும்? மான்ட்டெவெர்டேயைப் பொறுத்தவரைக்கும் 2010-ல மரங்களோட ஐசோடோப்பை வச்சு பழைய ஈரப்பதத்தைக் கணக்கு பண்ணின ஆய்வு, 1986-87 வறட்சி எல் நினோவால வந்தது, நீண்டகால வெப்பமயமாதல் தடம் அதுல தெரியலன்னு சொல்லுச்சு. இதனால எல்லாம் வெப்பநிலைக்கும் பூஞ்சைக்கும் சம்பந்தமே இல்லன்னு ஆயிடாது, லேப்ல பூஞ்சை எந்த வெப்பத்துல வளரும்னு நல்லாவே தெரியும், வெப்பம் சடார்னு ஏறி இறங்கறது தவளையோட எதிர்ப்பைக் குறைக்குதான்னு தனியா ஆராய்ச்சி போயிட்டு இருக்கு. ஆனா "வெப்பமயமாதல் தான் பூஞ்சையை ஏவி விட்டது"ங்கற 2006 வடிவத்தை நிரூபிச்ச உண்மையா எழுதினா மார்க் போகும்.

மூணாவது கேள்வியை வேணும்னே கடைசிக்கு வச்சேன், உங்க எஸ்ஸேல நிச்சயம் இருக்கற எண் இங்க தான் வருது, 501. 2019-ல பென் ஷீலே உள்பட பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேந்து சயன்ஸ் இதழ்ல போட்ட கணக்கு: குறைஞ்சது 501 இனம் இந்த நோயால குறைஞ்சிருக்கு, அதுல 90 அழிஞ்சுட்டதா கருதப்படுது, குறைஞ்சதுல 12 சதவீதத்துல தான் மீள்ற அறிகுறி தெரியுது. பத்திரிகை எல்லாம் தலைப்பு போட்டுச்சு. அடுத்த வருஷமே மேக்ஸ் லாம்பர்ட் உள்ளிட்ட ஒரு குழு அதே இதழ்ல மறுப்பு எழுதினாங்க, அவங்களும் இந்தப் பூஞ்சையையே ஆராயறவங்க தான், பூஞ்சை ஆபத்துங்கறதுல அவங்களுக்கு சந்தேகம் இல்ல. அவங்க கேட்டது, ஒவ்வொரு இனத்துக்கும் "இது கைட்ரிட்டால தான்"னு எந்த ஆதாரத்தை வச்சு முடிவு பண்ணீங்க, வேற ஒருத்தர் அதே வழில போனா அதே லிஸ்ட் வருமான்னு. ஷீலே குழு விடல, நீங்க ஆதாரம்னு ஒத்துக்கறது ரொம்பக் குறுகலா இருக்கு, பழைய சரிவுகளை எல்லாக் கோணத்துலயும் சேத்துப் பாத்துத்தான் கண்டுபிடிக்க முடியும், 501-ங்கறது நிக்கும்னு பதில் குடுத்தாங்க.

யாரு சரின்னு நீங்க தீர்ப்பு சொல்ல வேண்டாம், சண்டை எதைப் பத்தின்னு காட்டுங்க, அதுவே மதிப்பீடு தான். அந்த 501-க்குள்ள எல்லாம் ஒரே எடை இல்ல. ஒரு ஓரத்துல எல் கோப்பே மாதிரி, முன்னாடி நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ், பிணம், தோல் பரிசோதனை எல்லாம் இருக்கற இனங்கள். இன்னொரு ஓரத்துல, 80-கள்ல உயரமான மலை ஓடைல மறைஞ்சு போச்சு, காடு அப்படியே இருக்கு, பக்கத்துல இதே மாதிரி வாழ்க்கை வாழற சொந்தக்கார இனங்களுக்கு இந்த நோய் வந்தது தெரியும், அதனால இதுக்கும் அதுவாத்தான் இருக்கணும்னு நிபுணர்கள் சேத்த இனங்கள். ரெண்டாவது வகை முட்டாள்தனம் இல்ல, பழைய சாவுக்கு டாக்டர் அறிகுறியை வச்சு காரணம் ஊகிக்கற மாதிரி தான். ஆனா ஒரு ஆபத்து உண்டு: "காடு அழியல, ஆனா தவளை காணோம்"ங்கறதையே கைட்ரிட்டோட அடையாளமா வச்சுக்கிட்டா, அப்படிக் காணாமப் போன இனம் எல்லாம் தானா கைட்ரிட் கணக்குல விழும், அப்புறம் அந்தக் கணக்கையே காட்டி கைட்ரிட் இவ்ளோ பெருசுன்னு சொன்னா வாதம் தன்னையே சுத்தி வருது. 501 எவ்ளோ தப்புன்னு எனக்குக் கவலை இல்ல, 400-ஓ 600-ஓ ஆனாலும் மோசமான பேரழிவு தான், ஆனா ஒரு குறிப்பிட்ட இனத்தோட பேரை எழுதி பக்கத்துல "கைட்ரிட்டால் அழிந்தது, ஷீலே 2019"ன்னு போடறதுக்கு அந்த எண் லைசென்ஸ் குடுக்காது. அந்த இனத்துக்கான மூல ஆய்வுக்குப் போய் என்ன பாத்தாங்கன்னு படிக்கணும்.

இதோட கலந்துடற இன்னொரு எண், இருவாழ்விகள்ல சுமார் 41 சதவீத இனம் அழிவு அபாயத்துல இருக்குங்கறது. அது எல்லாக் காரணமும் சேந்த கணக்கு, அதுல அதிக இனங்களைத் தொடற அச்சுறுத்தல் வாழிட இழப்பு தான். பல எஸ்ஸேல முதல் பாராவுல 41 சதவீதம், ரெண்டாவது பாராவுல கைட்ரிட், படிக்கறவங்க மனசுல ரெண்டும் ஒட்டிக்கும்.

உங்க பத்து பேப்பர் பத்தி ஒரு வார்த்தை. அதுல எத்தனை ரிவ்யூன்னு எண்ணுங்க. ஒவ்வொரு ரிவ்யூவும் தங்கத் தேரை கதையைச் சொல்லும், எல்லாம் அந்த ஒரே எண்ணிக்கைக்குத் தான் போய்ச் சேரும், ஆறு ரிவ்யூ இருந்தா அது ஆறு ஆதாரம் இல்ல, ஒரே ஆதாரத்தை ஆறு பேர் சொல்றது. பத்தை அஞ்சா குறைச்சு, அந்த அஞ்சுலயும் மூல டேட்டா எடுத்தவங்களை வச்சுக்கோங்க.

வாக்கியத்தை எப்படி மாத்தறதுன்னும் காட்டிடறேன். நீங்க எழுதியிருப்பீங்கன்னு நான் நினைக்கறது: "கைட்ரிட் பூஞ்சை உலகெங்கும் 501 தவளை இனங்களை அழித்துள்ளது." இதுலயே ரெண்டு பிழை, 501 குறைஞ்சது, அழிஞ்சதா கருதறது 90, அதோட எல்லாம் தவளை மட்டும் இல்ல. நான் எழுதினா: "எல் கோப்பேயில் பூஞ்சையின் வருகைக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகள், இறந்த விலங்குகளின் தோல் பரிசோதனை, சரிவு நகர்ந்த திசை ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்துவதால் அங்கு கைட்ரிட் நோயே முதன்மைக் காரணம் என உறுதியாகக் கூறலாம். உலக அளவில் குறைந்தது 501 இனங்கள் பாதிக்கப்பட்டதாக ஒரு மதிப்பீடு உள்ளது. ஆனால் இனவாரியாக ஆதாரத்தின் தரம் வேறுபடுகிறது, அந்த வகைப்பாட்டு முறை கேள்விக்கும் உள்ளாகியுள்ளது." நீளம் தான், ஆனா இதுல எந்த வார்த்தையை யாரு கிள்ளினாலும் பதில் சொல்லலாம்.

வைவால ஒரு கேள்வி வரலாம், அதையும் சொல்லிடறேன்: பனாமால சில தவளைகள் திரும்ப வந்துட்டு இருக்கே, பூஞ்சையும் இன்னும் அங்கயே இருக்கே, அப்ப பூஞ்சை தான் காரணம்ங்கறது அடிபடுதா? 2018-ல அதே வாய்ல்ஸ் குழு இதைத்தான் சோதிச்சாங்க. நோய் பரவின காலத்துல சேத்து வச்ச பூஞ்சையையும் பல வருஷம் கழிச்சு எடுத்த பூஞ்சையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா வீரியம் குறையவே இல்ல. மாறினது தவளைப் பக்கம், நோய் வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சு கூண்டுல வளத்த வம்சத்தை விட, நோயைத் தாண்டி காட்டுல தப்பிச்ச தவளைகளோட தோல் சுரப்பு பூஞ்சையை நல்லா அடக்குச்சு. பூஞ்சை அப்பாவின்னா தவளை எதுக்கு எதிரா இப்படி மாறணும்னு திருப்பிக் கேளுங்க. உடனே அடுத்த கேள்வி வரும், மீண்டது சில இனம் தானே, மத்ததுன்னு. அதுக்கு 12 சதவீதத்தைச் சொல்லலாம், ஆனா அதுவும் அந்த 501-ல இருந்து வந்த கணக்கு தான்ங்கறதை மறக்காம கூடவே சொல்லிடுங்க.